இந்தி பேசும்போது ஆங்கிலம் குறுக்கே வருகிறதா?

நாரணாபுரம் பட்டாசுக் கடைக்கு வந்த வடநாட்டு வியாபாரியிடம் ‘உங்களிடம் பில் இருக்கிறதா?’ என்று இந்தியில் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் யோசித்தால், ‘ஹேவ்’ என்பதற்கு நேரான வினைச்சொல்லைத் தேடித் திணறுவீர்கள். இந்தியில் அப்படிப் பேசுவதில்லை. தமிழிலிருந்தே நேராகப் போங்கள்: ‘ஆப்கே பாஸ் பில் ஹை க்யா?’ சொல் வரிசைகூட மாறவில்லை, பாருங்கள்! ‘எனக்கு வேண்டும்’ என்பதும் அப்படியே ‘முஜே சாஹியே’. எனவே குறிப்பேட்டில் இந்திச் சொல்லுக்குத் தமிழிலேயே பொருள் எழுதுங்கள்.

ஆனால் இறந்தகாலத்தில் பல இடங்களில் தமிழும் கைகொடுக்காது. ‘நான் பெட்டி அனுப்பினேன்’ என்பது ‘மைனே பேட்டி பேஜீ’. இந்தியில் பெட்டி பெண்பால். அனுப்பியவர் ஆணானாலும் ‘பேஜீ’தான்.

பேச்சின் நடுவே ‘பட்’, ‘ஸோ’ என்று வாயில் வருகிறதா? ‘லேகின்’, ‘இஸ்லியே’ இரண்டையும் முதல் வாரமே மனப்பாடம் செய்துவிடுங்கள்.