பழைய ஹைபிரிட் கார் வாங்குகிறீர்களா? மலைப்பாதையில் ஓட்டிப் பாருங்கள்

மலேசியாவில் 2011 ஜனவரி முதல் 2013 இறுதி வரை, 2000 சிசிக்கு உட்பட்ட ஹைபிரிட் கார்களின் இறக்குமதிக்கு அரசு வரி விலக்கு அளித்தது. அந்த மூன்றாண்டுகளில் வந்த கார்கள் பல இன்று பழைய கார் கடைகளில் நிற்கின்றன. விலை மலிவுதான். ஆனால் அவற்றின் ஹைபிரிட் பேட்டரிக்கும் பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. உரிமை மாற்றத்துக்காகச் செய்யப்படும் புஷ்பகோம் பரிசோதனை, காரின் அடையாளத்தையும் பாதுகாப்பையும் பார்ப்பதற்கானது. பேட்டரியில் எவ்வளவு உயிர் மிச்சம் என்பதை வாங்குபவர்தான் கண்டறிய வேண்டும்.

மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸை எடுத்துக்கொள்வோம். அதன் பேட்டரியில் 1.2 வோல்ட் கொண்ட நிக்கல் உலோக ஹைட்ரைடு மின்கலங்கள் 168 இருக்கின்றன. ஆறு கலங்கள் சேர்ந்தது ஒரு கட்டு. மொத்தம் 28 கட்டுகள். எல்லாம் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால் மொத்த மின்னழுத்தம் 201.6 வோல்ட். கொள்ளளவு 6.5 ஆம்பியர் மணி. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 1.3 கிலோவாட் மணி. பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதற்காக, கார் இதை முழுதாகப் பயன்படுத்துவதில்லை. சுமார் 40 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடு வரை மட்டுமே ஏற்றி இறக்கும். அதாவது உண்மையில் புழங்குவது அரை கிலோவாட் மணிதான்.

முதலில் வயதைப் பாருங்கள். வாகன கிரானில் பதிவுத் தேதியும் தயாரிப்பு ஆண்டும் தனித்தனியாக இருக்கும். ஜப்பானில் ஓடிய பிறகு இங்கே கொண்டுவரப்பட்ட கார் என்றால் இரண்டுக்கும் இடையே சில ஆண்டுகள் வேறுபடலாம். பேட்டரியின் வயது தயாரிப்பு ஆண்டிலிருந்தே தொடங்குகிறது. ஓடிய கிலோமீட்டர் குறைவு என்பதை மட்டும் நம்ப வேண்டாம். இந்த வகைக் கலங்களை வெப்பமும் காலமும் தேய்க்கின்றன. மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் ஒவ்வொரு கலமும் வெவ்வேறு வேகத்தில் மின்னேற்றத்தை இழந்து சமநிலை குலையும். பின்னிருக்கையின் ஓரத்தில் உள்ள காற்றுத் துவாரத்தையும் பாருங்கள். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகிறது. அங்கே தூசியும் முடியும் அடைத்திருந்தால், அந்தப் பேட்டரி நம் ஊர் வெயிலில் பல காலம் வெந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. கடையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தால் எந்தப் பேட்டரியும் நன்றாகவே தோன்றும். பாலிக் புலாவ்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பாயா தெருபோங் பக்கம் போகும் ஜாலான் துன் சார்டோன் மலைப்பாதையே நல்ல சோதனைக்கூடம்.

கணக்கை எளிதாகப் பார்ப்போம். இருவர் அமர்ந்த காரின் எடை 1,500 கிலோ. 200 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய 0.8 கிலோவாட் மணி. சக்கர உராய்வு, காற்றுத் தடை, மின்னாக்கத்தில் ஏற்படும் இழப்பு ஆகியவை போக, பாதி அளவான 0.4 கிலோவாட் மணி பேட்டரிக்குப் போய்ச் சேரலாம். பேட்டரி 60 விழுக்காட்டில் இருந்தால், 80 விழுக்காட்டை எட்ட 0.26 கிலோவாட் மணி போதும். ஆகவே நல்ல பேட்டரி, பிரேக்கை மெதுவாக அழுத்தி இறங்கினால், ஏறத்தாழ 130 மீட்டர் உயரம் இறங்கிய பிறகே நிறையும். கொள்ளளவு பாதியாகிவிட்ட பேட்டரியோ 65 மீட்டரிலேயே நிறைந்துவிடும்.

எனவே உச்சியில் புறப்படும்போது திரையில் எத்தனை கோடுகள் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரியஸில் எட்டுக் கோடுகள் உண்டு. முதல் சில வளைவுகளிலேயே எட்டும் நிறைந்து, வேகத்தைக் கட்டுப்படுத்த எஞ்சின் உறுமத் தொடங்கினால் பேட்டரி சுருங்கிவிட்டது. மலையேறும்போது இதற்கு நேர்மாறு நடக்கும்: கோடுகள் மளமளவென்று இரண்டுக்கு இறங்கும். நிறைவதும் வேகம், வடிவதும் வேகம் என்றால் அது தேய்ந்த பேட்டரி. அடிவாரத்தில் கோடுகள் நிறைந்திருப்பது மட்டும் குறையல்ல. எந்த இடத்தில் நிறைந்தது என்பதே கேள்வி. பின்னிருக்கைப் பக்கம் விசிறி பலமாக இரைந்தால் பேட்டரி சூடாகிறது என்று அறியலாம்.

மூன்றாவது, உள்ளே பார்ப்பது. காரின் சோதனை முனையில் செருகும் சிறு கருவியும், கைப்பேசியில் 'டாக்டர் பிரியஸ்' போன்ற செயலியும் போதும். காரின் கணினி இரண்டிரண்டு கட்டுகளைச் சேர்த்து 14 தொகுதிகளாக மின்னழுத்தத்தை அளக்கிறது. ஒவ்வொரு தொகுதியிலும் 12 கலங்கள். ஓட்டுநர் மலையேறட்டும், பக்கத்தில் இருப்பவர் எண்களைப் பார்க்கட்டும். 13 தொகுதிகள் 14 வோல்ட் அருகே இருக்க, ஒன்று மட்டும் 12.8 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். குறைவு 1.2 வோல்ட், அதாவது சரியாக ஒரு கலத்தின் அளவு. இறங்கும்போதும், நிற்கும்போதும் அதே தொகுதி அதே அளவு பின்தங்கினால் அதில் ஒரு கலம் செத்துவிட்டது. ஏறும்போது மற்றவற்றைவிடத் தாழ்ந்து, இறங்கும்போது மற்றவற்றைவிட உயர்ந்தால் அது சாகவில்லை. உள்மின்தடை கூடி, கொள்ளளவு குறைந்து வருகிறது. எல்லாத் தொகுதிகளும் ஒன்றாகவே ஏறி இறங்கினால், பேட்டரிக்கு வயதாகியிருந்தாலும் சமநிலை கெடவில்லை.

இந்தத் தொகுதி வேறுபாடு எல்லை மீறும்போதுதான் `P0A80` என்ற பிழைக்குறி பதிவாகி எச்சரிக்கை விளக்கு எரிகிறது. விற்பவர் அந்தக் குறியைக் கருவியால் அழித்துவிடலாம். ஆனால் அழித்ததற்குத் தடயம் உண்டு. குறியை அழித்தால் காரின் சுயசோதனைகளின் முடிவுகளும் சேர்ந்து அழிந்துவிடும். அவை முடியச் சில நாள் ஓட்டம் தேவை. அதனால் செயலியில் `Readiness` பகுதியைத் திறந்து பாருங்கள். பல சோதனைகள் முடியாமல் நின்றால், அண்மையில் யாரோ அழித்திருக்கிறார் அல்லது 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார். காரணம் கேளுங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் அந்தக் காரை விட்டுவிடுவது நல்லது.

"பேட்டரி மாற்றியாச்சு" என்று சொன்னால் ரசீதைக் கேளுங்கள். அதில் தேதியும், காரின் சேசிஸ் எண்ணும் இருக்க வேண்டும். முழுப் பேட்டரியும் புதிதா, கெட்ட ஓரிரு கட்டுகளை மட்டும் மாற்றினார்களா என்பது முக்கியம். பழைய கட்டுகளுக்கு நடுவே புதிய கட்டு ஒன்றைச் செருகினால் எச்சரிக்கை விளக்கு அணையும். ஆனால் மீதமுள்ள கட்டுகளும் அதே வயதுடையவை. சில மாதங்களில் அடுத்தது சாயும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை: ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடாதீர்கள், பேட்டரி மூடியைத் திறக்காதீர்கள். 200 வோல்ட் நேர்மின்னோட்டம் உயிரைப் பறிக்கும். மேலே சொன்ன சோதனைகள் எதற்கும் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. சோதனையில் ஒரு தொகுதி தோற்றாலும் காரை வாங்கலாம். ஆனால் புதிய பேட்டரியின் விலையைப் பட்டறையில் கேட்டு, அதை முழுமையாகக் கழித்த பிறகே விலை பேசுங்கள்.