புள்ளி வைத்தால் மட்டும் போதாது, படிக்கவும் வேண்டும்!

ஆடிட்டர் வரும் நாளில் மட்டும் தூசி தட்டப்படும் கன்ட்ரோல் சார்ட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புள்ளி ஒழுங்காக இருக்கும், கோடு அழகாக இருக்கும். ஆனால் "இது என்ன சொல்லுது?" என்று கேட்டால் "எல்லாம் உள்ளேதான் இருக்குக்கா" என்பார்கள். உள்ளே இருந்தால் போதுமா? கேள், சொல்கிறேன். உனக்கு நேரமில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரே ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன்.

சி.என்.சி. லேத்தில் 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் ஓடுகிறது. டாலரன்ஸ் கூட்டல் கழித்தல் 20 மைக்ரான். மணிக்கு ஒரு தடவை, அடுத்தடுத்து வந்த 5 பீஸை எடுத்து அளக்கிறாய். அந்த ஐந்தின் சராசரி எக்ஸ்-பார் சார்ட்டில் போகிறது. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வருவது ஆர் சார்ட்டில் போகிறது. மெஷின் நிதானமாக ஓடிய நாட்களில் மொத்தச் சராசரி 25.002, ஆர் சராசரி 10 மைக்ரான். ஐந்து பீஸ் சாம்பிளுக்கு அந்த 10-ஐ 0.577-ஆல் பெருக்கினால் 5.8 மைக்ரான். எனவே எக்ஸ்-பாருக்கு மேல் கோடு 25.0078, கீழ்க் கோடு 24.9962. ஆர் சார்ட்டின் மேல் கோடு 21 மைக்ரான், கீழ்க் கோடு பூஜ்யம். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு வா.

1. முதலில் ஆர் சார்ட்டைப் பார். எல்லாரும் எக்ஸ்-பாருக்குத்தான் ஓடுவார்கள். நீ ஓடாதே. எக்ஸ்-பாரின் கோடுகள் ஆர் சராசரியிலிருந்து போட்டவை. ஆர் கெட்டுப்போயிருந்தால் மேலே இருக்கிற கோடுகளை நம்ப முடியாது. ஆர் ஒரே தாவாகத் தாவினால் அந்த ஐந்து பீஸில் ஒன்று மற்றதோடு ஒட்டவில்லை என்று அர்த்தம். ஜாவில் பிசிறு மாட்டியிருக்கும், இல்லை பீஸில் பர் இருந்திருக்கும், இல்லை அளந்தவர் தப்பாக அளந்திருப்பார். ஆர் மெல்ல மெல்ல ஏறினால் பிடிமானம் தளர்கிறதா, ஸ்பிண்டில் பேரிங் எப்படி இருக்கிறது என்று பார். ஆர் திடீரென்று ரொம்பச் சின்னதானால் சந்தோஷப்படாதே. யாராவது அளக்காமலே நம்பர் எழுதியிருக்கலாம், கேஜ் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

2. டாலரன்ஸ் கோட்டை எக்ஸ்-பார் சார்ட்டில் வரையாதே. தயவுசெய்து வரையாதே. டாலரன்ஸ் ஒவ்வொரு பீஸுக்கும் உரியது. நீ வைக்கும் புள்ளியோ ஐந்தின் சராசரி. ஒற்றைப் பீஸ் ஒவ்வொன்றும் நடுவிலிருந்து இரு பக்கமும் சுமார் 13 மைக்ரான் வரை ஆடுகிறது, சராசரி 6 மைக்ரான்கூட ஆடுவதில்லை. 20-இல் ஒரு கோடு போட்டு "இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு பார்" என்று நிம்மதி அடைந்தால், ரிஜெக்ட் ஏற்கனவே டப்பாவில் விழுந்துகொண்டிருக்கும்.

3. வெளியே போன ஒற்றைப் புள்ளி. இது கண்ணுக்குத் தெரியும், யாரும் தவறவிட மாட்டார்கள். தப்பு அடுத்த படியில்தான் நடக்கிறது. உடனே ஆஃப்செட்டில் கை வைத்துவிடுகிறார்கள். வைக்காதே. முதலில் கூட்டிய கணக்கைச் சரிபார். மைக்ரோமீட்டரை மாஸ்டரில் வைத்துப் பார். அதே ஐந்து பீஸைத் துடைத்து மறுபடி அள. இன்னமும் வெளியேதான் என்றால் மெஷினை நிறுத்திக் காரணம் தேடு. கடைசியாக நல்லதாக இருந்த சாம்பிளுக்கும் இதற்கும் நடுவில் ஓடிய பீஸ் எல்லாவற்றையும் தனியாக ஒதுக்கி, ஒவ்வொன்றாக அளந்து விடு. புள்ளி வெளியே போனதால் பீஸ் எல்லாம் கெட்டது என்று இல்லை. மெஷின் மாறிவிட்டது என்பது மட்டும்தான் செய்தி. ஒன்றுமே மாறாமலும் சராசரியாக 370 புள்ளிக்கு ஒன்று தானாகவே வெளியே போகும், அதையும் நினைவில் வை. ஆனால் "அந்த ஒன்று இதுதான்" என்று தேடாமலே முடிவுகட்டிவிடாதே.

4. உள்ளேயே ஏறும் வரிசை. இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். காலை 6 மணி முதல் 11 மணி வரை உன் சராசரி 25-க்கு மேல் இத்தனை மைக்ரான் என்று வை: 0.4, 1.2, 2.0, 3.2, 4.0, 5.2. மேல் கோடு 7.8. ஆறும் உள்ளேதான். ஆனால் ஆறும் வரிசையாக ஏறுகின்றன. மெஷின் நிதானமாக இருந்தால் ஆறு புள்ளி தற்செயலாக இப்படி ஏறு வரிசையில் அமைய வாய்ப்பு 720-இல் ஒன்று. ஆறு தொடர்ந்து ஏறினாலோ இறங்கினாலோ கவனி என்கிற விதி 1984-இல் லாயிட் நெல்சன் வெளியிட்ட பட்டியலில் இருக்கிறது.

இப்போது கணக்கைப் பார். மணிக்குச் சுமார் 1 மைக்ரான் ஏறுகிறது. மேல் கோட்டைத் தொட இன்னும் 3 மணி நேரம்கூட இல்லை. அதுவரை காத்திருக்கலாமா? கூடாது. ஒற்றைப் பீஸ் சராசரிக்கு மேலே 13 மைக்ரான் வரை போகும் என்றேனே? சராசரி 7.1-ஐத் தொட்டாலே அந்த விளிம்புப் பீஸ் 20-ஐத் தொட்டுவிடும். அதாவது புள்ளி கோட்டுக்கு வெளியே போவதற்கு முன்னாலேயே, அரிதாக என்றாலும், பெரிதான ஷாஃப்ட் விழ ஆரம்பிக்கும். "வெளியே போகட்டும், பார்த்துக்கலாம்" என்பது இந்த வேலைக்கு ஆகாது.

5. ஏறினால் காரணம் இரண்டு, பிரித்துப் பார். வெளி விட்டம் கடையும்போது இன்சர்ட் தேயத் தேய விட்டம் பெரிதாகும். அது ஒன்று. இன்னொன்று சூடு. ஸ்டீல் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு சுமார் 11.5 மைக்ரான் நீளும். 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் மாஸ்டரைவிட 10 டிகிரி சூடாக இருந்தால் கிட்டத்தட்ட 3 மைக்ரான் பெரிதாகக் காட்டும். நடுக்கோட்டிலிருந்து மேல் கோட்டுக்கு இருப்பதே 5.8 மைக்ரான். அதில் பாதியைச் சூடே தின்றுவிடும். காலையில் கூலன்ட் குளிர்ச்சியாக இருக்கும், நேரம் ஆக ஆகச் சூடேறும், பீஸும் சூடாக வரும். அவசரத்தில் அப்படியே எடுத்து அளப்பாய், சார்ட் ஏறும்.

பிரித்துப் பார்க்கக் குறுக்கு வழி இருக்கிறது. கடைசி ஐந்து பீஸை மாஸ்டர் பக்கத்திலேயே, ஒரே மேசையில், இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும்வரை விட்டு மறுபடி அள. அளவு கீழே இறங்கிவிட்டால் சூடுதான் காரணம். அந்த நேரம் ஆஃப்செட் கொடுத்திருந்தால், ஆறிய பிறகு ஷாஃப்ட் சின்னதாகியிருக்கும். அளவு இறங்கவில்லை என்றால் இன்சர்ட் முனையைப் பார். வெறும் தேய்மானம் என்றால் வேர் ஆஃப்செட்டில் 3 மைக்ரான் கழி, 25.002-க்குத் திரும்பும். உன் மெஷினில் ஆஃப்செட் விட்டத்துக்கா ஆரத்துக்கா என்று பார்த்துக் கொடு. முனை உடைந்திருந்தால் ஆஃப்செட் கொடுத்து ஓட்டாதே, இன்சர்ட்டை மாற்று.

6. ஒரே பக்கத்தில் குவிந்தால். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, ஆனால் தொடர்ந்து 8 புள்ளி நடுக்கோட்டுக்கு ஒரே பக்கம் நிற்கிறதா? மெஷின் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. 1956-இல் வந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கையேடு 8 என்கிறது, நெல்சன் 9 என்கிறார், 7 வைத்துக்கொள்ளும் கம்பெனிகளும் உண்டு. உன் இடத்தில் எது எழுதியிருக்கிறதோ அதையே பிடித்துக்கொள், நாளுக்கு ஒன்றாக மாற்றாதே. காரணம் தேட முதல் புள்ளி விழுந்த நேரத்துக்குப் போ. ஷிப்ட் மாறியதா, புது பார் ஏற்றினார்களா, வேறு மைக்ரோமீட்டர் வந்ததா? இதற்காகத்தான் சார்ட்டின் ஓரத்தில் இன்சர்ட் மாற்றம், ஷிப்ட், லாட் எல்லாம் அந்த நேரத்திலேயே எழுது என்று தலைதலையாய் அடித்துக்கொள்கிறேன். மூன்று நாள் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

7. ஒவ்வொரு பீஸுக்கும் ஆஃப்செட்டைத் திருகாதே. பீஸ் 4 மைக்ரான் கூடினால் 4 கழிப்பது, அடுத்தது 3 குறைந்தால் 3 கூட்டுவது: பொறுப்பான வேலை மாதிரித்தான் தோன்றும். ஆனால் மெஷினின் இயல்பான ஆட்டத்தோடு உன் கை ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். டெமிங் புனலும் கோலிக்குண்டும் வைத்துக் காட்டியது இதைத்தான். இப்படி ஒவ்வொன்றுக்கும் முழுதாகத் திருத்தினால் பரவல் சுமார் 1.4 மடங்காகும். நம் ஷாஃப்டில் 13 மைக்ரான் ஆட்டம் 18 ஆகிவிடும். நடு 25.002 என்பதால் மேல் விளிம்பு 20-ஐத் தாண்டும். தாண்டாமல் ஓடிக்கொண்டிருந்த வேலையை நீயே தாண்ட வைப்பாய். சிக்னல் வந்தால் மட்டும் தொடு, அதையும் பல புள்ளியின் போக்கைப் பார்த்துத் தொடு.

8. நடுக்கோட்டையே ஒட்டிக்கொண்டிருந்தால். பதினைந்து புள்ளி வரிசையாக நடுவிலேயே, மேல் கோட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே நின்றால் கைதட்டாதே. கோடுகள் பழசாகியிருக்கலாம். அல்லது ஐந்து பீஸும் ஒரே மெஷினிலிருந்து வராமல், இரண்டு மெஷினிலிருந்து கலந்து வந்திருக்கலாம். கலந்தால் ஆர் பெருத்துக் கோடுகள் அகன்றுவிடும், எதுவும் வெளியே போகவே போகாது.

கோடுகளை எப்போது மறுபடி போடுவது என்றும் கேட்பாய். மெஷினில் தெரிந்தே ஏதாவது மாற்றிய பிறகு, காரணம் தெரிந்த கெட்ட புள்ளிகளை விலக்கி, 20-இலிருந்து 25 சாம்பிள் சேர்ந்ததும் போடு. மாதம் பிறந்ததே என்று போடாதே. நழுவிய மாதத்தையும் சேர்த்துப் போட்டால் நழுவலே புது நடுக்கோடாகிவிடும்.

நாளை ஷிப்டுக்குப் போனதும் இதைச் செய். நேற்றைய சார்ட்டை எடு, முதலில் ஆர், பிறகு வெளிப்புள்ளி, பிறகு ஆறு ஏற்ற இறக்கம், பிறகு எட்டு ஒரு பக்கம். இரண்டு நிமிஷம் ஆகாது. ஏதாவது கண்ணில் பட்டால் சூப்பர்வைசர் வரும்வரை காத்திருக்காதே, மாஸ்டரை எடுத்து அளக்க ஆரம்பி.