இலவசமா வந்த லேத் மெஷினுக்குக் கணக்குல என்ன விலை போடுறது?

திருவொற்றியூர்ல ஒரு அறக்கட்டளை பள்ளி நடத்துதுன்னு வெச்சுக்குவோம். தொழிற்பயிற்சிப் பிரிவும் இருக்கு. எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலை சிஎன்சிக்கு மாறுது, பழைய லேத் மெஷினைப் பள்ளிக்கு இலவசமா கொடுக்குது. பொருளாளருக்கு வர்ற முதல் சந்தேகம்: "நாமதான் பணமே கொடுக்கலையே, எதுக்குக் கணக்குல ஏத்தணும்?"

ஏத்தாம விட்டா மெஷின் சொத்துப் பதிவேட்டுல இருக்காது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ வடசென்னையில தண்ணி புகுந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நாள்ல இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பட்டியல் கேட்டா, பட்டியல்ல இல்லாத மெஷினை உங்களோடதுன்னு நிரூபிக்கவே அலையணும்.

சரி, என்ன விலை? தொழிற்சாலை புத்தகத்துல தேய்மானம் போக மீதி 38,000 ரூபாய். அது அவங்க கணக்கு, நமக்கு உதவாது. அதே மாடல் புதுசு 5 லட்சம். நமக்கு வந்தது புதுசு இல்லை. நமக்கு வேண்டியது நியாய மதிப்பு, அதாவது இதே வயசு, இதே நிலைமையில உள்ள மெஷினை இன்னைக்கு வெளியில வாங்கினா என்ன ஆகும்ங்கிறது. பழைய மெஷின் வியாபாரிகள் ரெண்டு பேர்கிட்ட எழுத்துல மதிப்பு வாங்குங்க. ஒருத்தர் 2,30,000, இன்னொருத்தர் 2,50,000 சொன்னா 2,40,000 எடுத்துக்கலாம். அந்த ரெண்டு தாளையும் ஃபைல்ல வைங்க. ஆடிட்டர் முதல்ல கேட்கப்போறது அதைத்தான்.

கிரேன், வண்டி, தரையில அடித்தளம்னு பள்ளி கையிலிருந்து 18,000 செலவாச்சு. அதுவும் மெஷின் விலையோட சேரும்.

```
லேத் மெஷின் க/கு                ப   2,58,000
  பொருளாக வந்த நன்கொடை க/கு    வ   2,40,000
  வங்கி க/கு                     வ     18,000
```

நன்கொடை 2,40,000 வருமானம். பணம் வரலைன்னாலும் பள்ளிக்கு அந்த மதிப்பு வந்திருக்கு. ஆனா வரவு-செலுத்தல் கணக்குல இது வராது, அங்க அந்த 18,000 மட்டும்தான்.

சிக்கல் இங்கதான். மெஷின் வரலைன்னா அந்த வருஷம் பள்ளிக்கு 1,10,000 பற்றாக்குறைன்னு வெச்சுக்குவோம். மெஷின் இன்னும் எட்டு வருஷம் ஓடும்னா வருஷத் தேய்மானம் 32,250. இப்போ வருமான-செலவுக் கணக்கு என்ன காட்டும்? 97,750 உபரி! கமிட்டி மீட்டிங்ல ஒருத்தர் இதைப் பார்த்துட்டு ஆசிரியர் சம்பளத்தை ஏத்தலாமேன்னு சொல்வார். பேங்க்ல அந்தப் பணம் இருக்காது. அடுத்த வருஷம் நன்கொடை வரி காணாமப் போகும், தேய்மானம் மட்டும் நிக்கும்.

அதனால இதைப் பண நன்கொடையோட கலக்காம தனி வரியில காட்டுங்க. அமெரிக்காவுல லாபநோக்கமற்ற அமைப்புகளுக்கு இப்படித் தனியா காட்டணும்னு 2020-லேயே விதி கொண்டுவந்தாங்க. இன்னொரு வழி, 2,40,000-ஐ ஒத்திவைத்த வருமானமா வெச்சு வருஷம் 30,000 வீதம் விடுறது. தேய்மானம் 32,250, வருமானம் 30,000. மிச்சம் 2,250 எது தெரியுமா? பள்ளி போட்ட 18,000-ல எட்டுல ஒரு பங்கு. இந்த வழி எனக்குப் பிடிக்கும், கமிட்டியை ஏமாத்தாது.

"எங்க ஆடிட்டர் ஒரு ரூபாய்தான் போடுவார்"னு சிலர் சொல்வீங்க. அவர் தப்பு பண்ணலை. அரசு இலவசமா தர்ற சொத்துக்கு ஏஎஸ் 12 பெயரளவு மதிப்பைத்தான் சொல்லுது, அதையே தனியார் நன்கொடைக்கும் பின்பற்றுறவங்க உண்டு. இண்ட் ஏஎஸ் 20-ல 2018 திருத்தத்துக்கு அப்புறம் நியாய மதிப்பு, பெயரளவு மதிப்பு ரெண்டுக்கும் இடம் இருக்கு. எதை எடுத்தாலும் கணக்குக் கொள்கைக் குறிப்புல எழுதுங்க, வருஷா வருஷம் மாத்தாதீங்க.

வரி விஷயத்துல ரெண்டு எச்சரிக்கை. நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு பணமா தந்த நன்கொடைக்குத்தான், பொருளுக்குக் கிடையாது. தொழிற்சாலை மேனேஜர் எவ்வளவு கேட்டாலும் 2,40,000-க்கு ரசீது போடாதீங்க. மெஷின் பேர், சீரியல் நம்பர், வாங்கின தேதி எழுதி ஒரு நன்றிக் கடிதம் போதும். இன்னொண்ணு, வரிக் கணக்குல இந்த மெஷினை அறப்பணிக்குச் செலவிட்ட தொகையா காட்டிட்டா, அதே மெஷின் மேல தேய்மானத்தையும் கழிக்க முடியாது. மேல போட்ட 32,250 புத்தகத்துல இருக்கும், வரிக் கணக்கீட்டுல எடுத்துடணும். ரிட்டர்ன் போடுறவர்கிட்ட மதிப்பீட்டுத் தாள்களோட இதையும் சொல்லி வைங்க.