செயலியை அழித்தால் சந்தா அழியாது

இந்த மாதப் பாடம் நம்ம கைப்பேசிக்குள்ளேயே இருக்கு. முதலில் என் தங்கைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அவள் கல்லூரி மாணவி. மாதத்தின் முதல் நாள் தன் கட்டணச் சந்தாக்களைச் சரிபார்க்கும் நல்ல பழக்கம் அவளுக்கு உண்டு. செப்டம்பர் 3-ஆம் தேதி இரவு 9 மணிக்கு, ஐபோனில் ஒரு படத்திருத்தச் செயலியை இறக்கினாள். ‘7 நாள் இலவசம்’ என்று போட்டிருந்தது. அதன் கீழே பெரிய எழுத்தில் ‘மாதம் 10.83 வெள்ளி’, அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ‘ஆண்டுக்கு 129.90 வெள்ளி’. பெரிய எழுத்தை மட்டும்தான் அவள் படித்தாள். செயலி பிடிக்கவில்லை, 8-ஆம் தேதி அழித்துவிட்டாள். “அதான் அழிச்சிட்டேனே, முடிஞ்சு போச்சு” என்று இருந்தாள். 10-ஆம் தேதி வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: 129.90 வெள்ளி கழிக்கப்பட்டது.

அவள் எங்கே தவறினாள்? மூன்று இடங்கள்.

முதலாவது, செயலி வேறு, சந்தா வேறு. செயலி கைப்பேசியில் இருக்கிறது. சந்தா உங்கள் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கில் இருக்கிறது. செயலியை அழித்தாலும், கைப்பேசியையே மாற்றினாலும் சந்தா ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஐபோனில் Settings போய், மேலே உங்கள் பெயரைத் தட்டி, Subscriptions-ஐத் திறங்க. ஆண்ட்ராய்டில் Play Store-இல் உங்கள் படத்தைத் தட்டி, Payments & subscriptions, பிறகு Subscriptions. ரத்து செய்ய வேண்டிய இடம் அதுதான். ரத்து ஆனதா என்று எப்படித் தெரியும்? புதுப்பிக்கும் தேதி இருந்த இடத்தில், முடியும் தேதி வந்திருக்கும். அதைப் பார்த்த பிறகே திரையை மூடுங்க.

இரண்டாவது, கடைசி நாள் என்பது கடைசி நாள் அல்ல. ஆப்பிளில் சோதனைக் காலம் முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்துவிட வேண்டும். தங்கையின் 7 நாள், 10-ஆம் தேதி இரவு 9 மணிக்கு முடிகிறது. அப்படியென்றால் அவளுக்கு உண்மையான கெடு 9-ஆம் தேதி இரவு 9 மணி.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. மாதம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் அவளைக் காப்பாற்றவில்லை, ஏன்? 3-ஆம் தேதி தொடங்கி 10-ஆம் தேதி முடிந்த சோதனைக் காலம், 1-ஆம் தேதிப் பார்வையில் படவே படாது. ஆகவே இலவசச் சோதனைக்கு மாதக் கணக்கு உதவாது; சேர்ந்த அதே நிமிடத்தில் கைப்பேசியில் நினைவூட்டல் வைக்கணும், முடிவதற்கு இரண்டு நாள் முன்னதாக. இன்னும் சுலபமான வழி, சேர்ந்த உடனே ரத்து செய்வது. பெரும்பாலான செயலிகளில் சோதனைக் காலம் முடியும்வரை பயன்படுத்தலாம். சிலவற்றில் உடனே நின்றுவிடும். ரத்து செய்யும்போது திரையில் வருவதைப் படித்தால் தெரியும்.

அப்போ மாதப் பார்வை எதற்கு? ஏற்கெனவே பணம் போகும் சந்தாக்களுக்கு. அதிலும் இரண்டு பட்டியல் வேண்டும். ஒன்று மேலே சொன்ன Subscriptions. இனி வரப்போகும் செலவை அது காட்டும். ஆண்டுச் சந்தா வங்கிக் கணக்கறிக்கையில் ஆண்டுக்கு ஒருமுறைதான் தலைகாட்டும், ஆனால் இங்கே அடுத்த தேதியோடு நிற்கும். இன்னொன்று வங்கிக் கணக்கறிக்கை. இணையத்தளத்தில் நேரடியாக அட்டை எண் கொடுத்துச் சேர்ந்தவை ஆப்பிள், கூகுள் பட்டியலில் வராது, அறிக்கையில்தான் பிடிபடும். அவற்றை அந்தந்தத் தளத்துக்குப் போய்தான் ரத்து செய்யணும். கைப்பேசிக் கட்டண ரசீதையும் மின்பணப்பையையும் ஒரு பார்வை பாருங்க, சில சந்தாக்கள் அந்த வழியாகவும் பணம் எடுக்கும்.

பணம் போய்விட்டால்? தாமதிக்காமல் கேளுங்க. ஆப்பிளுக்கு reportaproblem.apple.com, கூகுளில் 48 மணி நேரத்துக்குள் Google Play வழியாகவே கேட்கலாம். கிடைக்கும் என்று உறுதியில்லை. தங்கை அன்றே விண்ணப்பித்தாள், கிடைக்கவில்லை. ஆனால் முதல் வேலையாகச் சந்தாவை ரத்து செய்தாள். இல்லையென்றால் அடுத்த செப்டம்பரிலும் அதே 129.90 போயிருக்கும்.

பயிற்சி: இன்றே அந்த Subscriptions பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் பெயர், தொகை, அடுத்த தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்க. போன மாதம் ஒருநாள்கூடத் திறக்காத செயலி அதில் இருந்தால், அதுதான் முதலில் ரத்தாக வேண்டியது. வீட்டில் அப்பா, அம்மா கைப்பேசியையும் அவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுங்க.