பிளஸ்ஸா, மைனஸா?

இன்பிளான்ட் டிரெய்னிங் போன இடத்தில் ஒரு மாத பட்ஜெட் ரிப்போர்ட்டைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. புரிவதற்காக எண்களை முழுமையாக்கித் தருகிறேன்.

விற்பனை: பட்ஜெட் 5,00,000, ஆக்சுவல் 4,60,000
மூலப்பொருள்: 2,80,000, 2,66,000
கூலி: 90,000, 99,000
மின்சாரம்: 30,000, 33,000
லாபம்: 1,00,000, 62,000

ரிப்போர்ட் போட்டவர் எல்லா வரிக்கும் 'ஆக்சுவல் கழித்தல் பட்ஜெட்' என்று ஒரே ஃபார்முலாவை இழுத்து விட்டிருந்தார். அதனால் 14,000 மிச்சம் பிடித்த மூலப்பொருள் மைனஸ் ஆனது. 9,000 கூடுதலாகச் செலவான கூலி பிளஸ் ஆனது. இதை மட்டும் பார்க்கும் மேனேஜர் யாரைப் பாராட்டுவார், யாருக்கு மெமோ கொடுப்பார்? யோசிச்சுப் பாருங்க!

பிளஸ் என்றால் லாபத்துக்குச் சாதகம், மைனஸ் என்றால் பாதகம் என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு வரவுக்கு ஆக்சுவலிலிருந்து பட்ஜெட்டைக் கழிக்க வேண்டும். செலவுக்கு பட்ஜெட்டிலிருந்து ஆக்சுவலைக் கழிக்க வேண்டும்.

குறி சரியா என்று கண்டுபிடிப்பது சுலபம். வரிகளின் வித்தியாசங்களைக் கூட்டினால் லாபத்தின் வித்தியாசம் வர வேண்டும். லாபம் குறைந்தது 38,000. ரிப்போர்ட்டில் இருந்தபடி கூட்டினால் மைனஸ் 42,000 வருகிறது. இடிக்கிறது 4,000. குறி மாறினால் பிழை இரண்டு மடங்காகும். ஆகவே அதில் பாதி, அதாவது 2,000, குறி மாறிய வரிகளின் நிகரத் தொகை. மூன்று செலவுகளையும் சேர்த்தால் சரியாக 2,000 மிச்சம்தான்! ஆனால் குறி மாறிய வரிகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டால் இந்தச் சோதனையில் சிக்காது. வரி வரியாகவும் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது சதவீதம். வகுக்க வேண்டியது பட்ஜெட்டால். லாபக் குறைவு 38 சதவீதம்தான். ஆக்சுவலால் வகுத்தால் 61 என்று பயமுறுத்தும். வரிகளின் சதவீதங்களைக் கூட்டி மொத்தச் சதவீதம் போடுவதும் தப்பு.

இன்னொரு பொறி இருக்கிறது. பட்ஜெட்டிலேயே 20,000 நஷ்டம் எதிர்பார்த்து, 5,000 நஷ்டத்தோடு தப்பித்தால் 15,000 சாதகம். அதை மைனஸ் 20,000-ஆல் வகுத்தால் மைனஸ் 75 சதவீதம் வரும். நல்ல செய்தி கெட்ட செய்தியாகிவிடும். எனவே குறியை நீக்கி வகுக்க வேண்டும். பட்ஜெட் பூஜ்யமாக இருந்தால் சதவீதமே போடாமல் தொகையை மட்டும் காட்டினால் போதும்.

குறியெல்லாம் திருத்திய பிறகும் ஒன்று பாக்கி. விற்பனை 8 சதவீதம் குறைந்தது, மூலப்பொருள் 5 சதவீதம்தான் குறைந்தது. விலை மாறாமல் சரக்கு மட்டும் குறைவாக விற்றிருந்தால், மூலப்பொருளுக்கு 2,57,600 போதும். 8,400 அதிகம் போயிருக்கிறது. ஆக, அந்த 14,000 சாதகத்தை மிச்சம் என்று சொல்வதற்கு முன் ஸ்டோர்ஸ் இஷ்யூ சீட்டுகளை ஒரு தடவை புரட்டிப் பார்க்கணும்.