கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறீர்களா?

1. மூன்றாம் நபர் பிரீமியத்தை ஒப்பிடாதீர்கள். அது அரசு நிர்ணயிப்பது, எங்கும் ஒன்றே. சொந்தச் சேதப் பிரீமியத்தை மட்டும், ஒரே ஐ.டி.வி. வைத்து ஒப்பிடுங்கள். ஐ.டி.வி.யைக் குறைத்தும் விலையை மலிவாகக் காட்டுவார்கள். கார் திருடுபோனால் இழப்பு உங்களுக்கே.

2. சிறு கீறலுக்கு கிளெய்ம் போடுமுன் கணக்குப் பாருங்கள். சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 ரூபாய், நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் என்றால் சலுகை 4,000. பழுதுச் செலவு 2,500. கட்டாயக் கழிவு 1,000 போகக் கிடைப்பது 1,500தான். அதற்காக அடுத்த ஆண்டின் 4,000 போய்விடும். மறுபடி 50 சதவீதத்தை எட்ட ஐந்து வருடம் ஆகும்!

3. காலாவதியாகி 90 நாள் தாண்டவிடாதீர்கள். போனஸ் முழுதும் போகும்.

4. புது கார் என்றால் ஜீரோ டெப் சேருங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பம்பர் விலையில் பாதி உங்கள் தலையில்.