தினம் ஒரு தலைப்பு, இரண்டு நிமிடம்: ஆங்கிலம் பேசிப் பழக முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் 1999 முதல் நடந்துவரும் மூவெட் தேர்வின் பேச்சுத் தாளில் முதல் பகுதி இதுதான்: தலைப்பு கைக்கு வரும், யோசிக்க 2 நிமிடம், தனியாகப் பேச 2 நிமிடம். தேர்வு எழுதாதவர்களுக்கும் இந்த அளவு பொருந்தும். மனப்பாடமாக வைத்திருக்கும் வாக்கியங்கள் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். மீதி ஒன்றரை நிமிடத்துக்கு வாக்கியங்களை அங்கேயே உருவாக்கியாக வேண்டும். பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது.

முதல் படி: தலைப்பு அட்டை

"என் குடும்பம்", "சுற்றுச்சூழல்" போன்ற தலைப்புகளை விட்டுவிடுங்கள். பள்ளியில் எழுதிய கட்டுரைதான் வாயில் வரும். நல்ல அட்டையில் மூன்று வரி போதும்: நடந்த ஒரு சம்பவம், அதைக் கேட்பவர் யார், இந்த வாரம் கவனிக்கும் ஒரே ஒரு விஷயம்.

ஷா ஆலம் ஹைக்கோம் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் தங்கை ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை அவள் அட்டை இப்படி இருக்கலாம்:

சம்பவம்: நேற்று ஷிப்டில் மெஷின் நின்றது.
கேட்பவர்: இரவு ஷிப்ட் சூப்பர்வைசர், அவருக்குத் தமிழ் தெரியாது.
கவனம்: முடிந்துபோன செயலை இறந்த காலத்தில் சொல்வது.

சம்பவம் தினமும் மாறும். கிள்ளானிலிருந்து வந்த கொமுட்டர் தாமதமானது, பிரிக்பீல்ட்ஸ் கடையில் பொருளை மாற்றியது என எதுவும் ஆகலாம். கவனம் மட்டும் வாரம் முழுக்க மாறக்கூடாது. ஐந்து நாள் அட்டைகளை ஞாயிறு இரவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு தேடுவதிலேயே பலருக்கு அன்றைய பயிற்சி போய்விடுகிறது.

இரண்டாம் படி: பதிவு

யோசிக்கும் 2 நிமிடத்தில் நான்கைந்து சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளலாம், முழு வாக்கியம் எழுதக்கூடாது. எழுதி வாசித்தவருடைய பதிவு காதுக்கே தெரிந்துவிடும்: தயக்கமே இருக்காது, வாக்கியம் முடியும் இடத்தில் மட்டும் குரல் நிற்கும்.

பேச ஆரம்பித்தபின் நிறுத்தி அழிக்காதீர்கள். சொல் கிடைக்காவிட்டால் "ரோசாக்" என்பதுபோல மலாயிலோ, இல்லையென்றால் தமிழிலோ சொல்லிவிட்டுத் தொடருங்கள். அப்படி வழுக்கிய இடம்தான் வாரக் கடைசியில் தேவைப்படும். கோப்புக்குத் தேதியையும் தலைப்பையும் பெயராக வையுங்கள்.

மூன்றாம் படி: சனிக்கிழமைத் திரும்பிப் பார்ப்பு

பதிவுகளைக் கேட்பதற்கு முன்னால், திங்கட்கிழமைத் தலைப்பையே இன்னொரு முறை 2 நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். ஒரே விஷயத்தைத் திரும்பச் சொல்லும்போது என்ன சொல்வது என்ற கவலை குறைந்து, எப்படிச் சொல்வது என்பதில் மனம் நிற்கும். 4, 3, 2 நிமிடம் என்று குறைத்துக்கொண்டே ஒரே பேச்சை மூன்று பேரிடம் சொல்லவைக்கும் பயிற்சியை கீத் மாரிஸ் 1983இல் எழுதினார். நியூசிலாந்தின் பால் நேஷன் அதைப் பரவலாக்கினார். நாம் செய்வது அதன் எளிய வடிவம்.

பிறகு திங்கள் பதிவு, சனி பதிவு இரண்டிலும் முதல் ஒரு நிமிடத்தை, சொன்னபடியே தாளில் எழுதுங்கள். திருத்தாமல் எழுதுவது முக்கியம். நம் தங்கையின் திங்கள் தாளில் "மெஷின் ஸ்டாப் ஆல்ரெடி, தென் ஐ கால் டெக்னீஷியன், ஹி டோல்ட் மீ வெயிட்" என்று இருக்கிறது. "ஆல்ரெடி" இறந்த காலத்தின் வேலையைச் செய்கிறது. நண்பர்களிடம் இது செல்லும், தேர்வு அறையிலும் நேர்முகத்திலும் செல்லாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "டெல்" என்பதை "டோல்ட்" என்று அவள் சரியாகவே மாற்றியிருக்கிறாள். "ஸ்டாப்ட்", "கால்ட்" மட்டும் விழுந்திருக்கின்றன. அப்படியானால் இலக்கணம் தெரியாமல் இல்லை, சொல்லின் கடைசி ஒலியை நாக்கு விழுங்குகிறது என்றே நினைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது இலக்கணப் புத்தகம் அல்ல. அடுத்த வார அட்டையின் கவனம், "சொல்லின் கடைசி ஒலியை முழுதாகச் சொல்வது". "டெல்" என்றே தொடர்ந்து வந்திருந்தால் இன்னொரு வாரம் இறந்த காலத்திலேயே நிற்க வேண்டியிருக்கும்.

மௌனங்களையும் கோடிட்டுக் காட்டுங்கள். ஒரு கருத்து முடிந்து அடுத்தது தொடங்குமுன் வரும் இடைவெளி இயல்பானது. வாக்கியத்தின் நடுவில், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் சொல் பஞ்சம். அந்த இடங்களில் தேவைப்பட்ட சொற்களில் மூன்றை மட்டும் அடுத்த வார அட்டைகளில் சேருங்கள்.

இந்தப் பயிற்சி எட்டாத இடம்

தெரியாத பிழை நம் காதில் விழாது. அதனால் மாதம் ஒரு பதிவை, ஆங்கிலம் நன்றாகப் பேசும் அக்காவிடமோ ஆசிரியரிடமோ கொடுத்து, அந்த வாரத்துக் கவனத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் திருத்தச் சொன்னால் தாள் முழுக்கச் சிவப்பாகி எதுவும் மனதில் நிற்காது.

இன்னொன்று, தனியாகப் பேசுவது உரையாடல் ஆகாது. மூவெட்டின் இரண்டாம் பகுதி குழு விவாதம். அடுத்தவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். ஆறேழு வாரம் கழித்து, ஒரு தோழிக்கு வாரம் ஒரு பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒரு கேள்வியோடு குரல் பதில் அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த வார அட்டை ஒன்றில் அந்தக் கேள்வியையே தலைப்பாக எழுதிக்கொள்ளலாம்.